ஆசிரியர் வரிசை மெயிலை அனுப்பும் முன் செய்த ஒரு போன்

பெங்களூரில் நான் இருக்கும் ஆய்வுக்கூடத்தில், ஏரி நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட் பற்றி ஒரு பேப்பர் எழுதினோம். வேலை நடந்த ஒன்றரை வருடமும் ஆசிரியர் வரிசையைப் பற்றி, அதாவது பேப்பரில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதைப் பற்றி, யாரும் வாய் திறக்கவில்லை. டிராஃப்ட் முடிந்ததும், "எழுதினது நீதானே, வரிசையையும் நீயே மெயில்ல போட்டுடு" என்றார் கைடு.

நான் ஃபர்ஸ்ட் ஆத்தர், கைடு கடைசி என்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் நடுவில் இருந்தது. 14 மாதம் ஏரிக்குப் போய் மாதிரி எடுத்து, பாஸ்பேட் அளவையும் பார்த்த பெண் வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். புள்ளியியல் மாடலைப் போட்ட நண்பர் இங்கேயே இருக்கிறார். "அவதான் போயிட்டாளே, டிராஃப்டையும் படிக்கல. அக்னாலெட்ஜ்மென்ட்ல நன்றி சொன்னா போதும்" என்று கைடு நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

பக்கத்து லேபில் மதுரைக்கார அக்கா ஒருவர் இருக்கிறார். நான் எழுதிய முதல் மெயிலை அவரிடம் காட்டினேன். எல்லோரையும் சேர்த்து, நான்கு பெயர்களை வரிசையாகப் போட்டு, "ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்" என்று முடித்திருந்தேன். அவர் படித்துவிட்டு, "கைடும் பார்க்கிற மெயில்ல எந்தச் சின்னப் பிள்ளை ஆட்சேபம் சொல்லும்? முதல்ல அவளுக்கு போன் போடு" என்றார்.

மருத்துவ இதழ்களின் எடிட்டர்கள் சேர்ந்த சர்வதேசக் குழு, யாரை ஆசிரியராகப் போடலாம் என்று வைத்திருக்கும் விதிகளையும் அவர்தான் எடுத்துக் காட்டினார். ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வேலைக்குப் பொறுப்பேற்பது என்று நான்கு தகுதிகள். நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். ஆனால் அங்கேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறது: முதல் தகுதி உள்ளவருக்குப் படித்துத் திருத்தும் வாய்ப்பையே கொடுக்காமல், அதைக் காரணம் காட்டி விலக்கக் கூடாது. அவள் டிராஃப்டைப் படிக்கவில்லை என்பது உண்மைதான். நாங்கள் அனுப்பவே இல்லையே!

அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். "என் பேரை எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணா" என்றாள். டிராஃப்டை அனுப்பி, ஒரு வாரத்தில் திருத்தித் தர முடியுமா என்று கேட்டேன். நான்கே நாளில் திரும்ப வந்தது. மாதிரிகளை எடுத்த அன்றே வடிகட்டினோம் என்று நான் எழுதியிருந்த வரியில், மழைக்காலத்தில் இரண்டு தடவை மறுநாள்தான் வடிகட்ட முடிந்தது என்று குறித்திருந்தாள். கரைந்த பாஸ்பேட்டை அளக்கும்போது அந்தத் தாமதம் முடிவையே மாற்றலாம். அந்த இரண்டு தடவை எடுத்தவற்றை விட்டுவிட்டு மறுபடி கணக்குப் போட்டோம்.

இதைக் கைடிடம் தனியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அவ பேரும் இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் மெயிலைத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை பெயர்களுக்கு முன்னால் வேலைகளை வைத்தேன். ஆய்வில் யார் என்ன செய்தார் என்று காட்ட இதழ்கள் கேட்கும் கிரெடிட் பட்டியலில் 14 வகைப் பங்குகள் இருக்கின்றன. எங்களுக்குப் பொருந்தியவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யார் முதன்மை, யார் துணை என்று குறித்தேன். மெயில் ஆங்கிலத்தில்தான் போனது. அதன் முக்கியமான பகுதி தமிழில் இப்படி இருக்கும்:

"யார் என்ன செய்தோம் என்று என் நினைவில் இருப்பதைக் கீழே தந்திருக்கிறேன். முதலில் இது சரியா என்று பாருங்கள். விட்டுப்போனதைச் சேருங்கள். இதை வைத்து நான் முன்வைக்கும் வரிசை: நான், மாதிரி எடுத்து அளந்தவர், மாடல் போட்டவர், சார். இது முடிவு அல்ல. என்னிடம் தனியாகப் பேசுவது எளிதென்றால் அப்படியே செய்யலாம். வரும் வெள்ளிக்குள் மூவரும் ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை அக்கா சொல்லிச் சேர்த்தேன். சமர்ப்பித்த பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டுமென்றால், பொதுவாக எல்லா ஆசிரியர்களின் சம்மதத்தையும் இதழ் எழுத்தில் கேட்கும்.

புள்ளியியல் நண்பர் தனியாக வந்தார். இரண்டாம் இடம் அவளுக்குப் போனதில் அவருக்கு வருத்தம் இல்லை. "தரவுப் பகுப்பாய்வில் உன்னை முதன்மைன்னு போட்டு என்னைத் துணைன்னு போட்டிருக்கியே, மாடலை யாரு கட்டினது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். மாடலை அவர் கட்டினார், நான் ஓட்டிப் படங்கள் வரைந்தேன். இருவரையும் சம பங்கு என்று மாற்றி, மாற்றியது எது என்று ஒரு வரியும் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினேன். வரிசை அப்படியே இருந்தது.

கருவியைக் கொடுத்து உதவிய வேறு லேபின் தலைவர் பெயரையும் போடலாமே என்று கைடு கேட்டார். கருவி கொடுத்தது மட்டும் ஆசிரியர் ஆவதற்குப் போதாது என்று அதே விதிகளைக் காட்டினேன். அவர் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்க அனுமதி கேட்டு எழுதினோம். அவர் சந்தோஷமாகச் சரி என்றார்.

வியாழன் இரவுக்குள் மூவரின் பதிலும் வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த பதிலில் சம்மதத்தோடு, பேப்பரில் தன் பெயரும் இனிஷியலும் எப்படி வர வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.