கன்னாவின் தீர்ப்புரையும் இரண்டு விடைத்தாள்களும்

அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தத்தால் மாற்ற முடியாது என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பில் 13 நீதிபதிகள் 11 தீர்ப்புரைகளை எழுதினார்கள். ஏழுக்கு ஆறு என்று முடிந்த அவ்வழக்கில் முடிவைத் தீர்மானித்தது நீதிபதி எச்.ஆர். கன்னாவின் உரை. அதைத்தான் என் சட்ட மாணவர்களுக்குக் கட்டுரைப் பொருளாகக் கொடுத்திருந்தேன்.

ஒரு மாணவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமே விடையை எழுதி வாங்கியிருந்தார். நடை சீராக இருந்தது. ஆனால் மதச்சார்பின்மை, கூட்டாட்சி என்று அடிப்படைக் கட்டமைப்பின் கூறுகளாகத் தலைமை நீதிபதி சிக்ரி தந்த பட்டியலை “நீதிமன்றம் கூறியது” என்று பொதுவாக எழுதியிருந்ததால், எதை எந்த நீதிபதி சொன்னார் என்பதே தெரியவில்லை.

இன்னொரு மாணவி, கன்னாவின் நீண்ட வாக்கியங்களை மட்டும் அதே செயலியிடம் கொடுத்துப் பிரித்துக் கேட்டிருக்கிறார். அடிப்படை உரிமைகள் எவையும் அடிப்படைக் கட்டமைப்பில் சேரா என்று அது விளக்கியதும், சந்தேகப்பட்டு மூலத்தின் பத்திகளுக்குத் திரும்பி, கன்னா அவ்வாறு விலக்கியது சொத்துரிமையை மட்டுமே என்று கண்டுபிடித்தார். கன்னாவே 1975-இல், இந்திரா காந்தி தேர்தல் வழக்கில், இதைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அவள் கட்டுரையில் சில வாக்கியங்கள் தடுமாறுகின்றன. ஒவ்வொரு கூற்றுக்கும் நீதிபதியின் பெயரும் பத்தி எண்ணும் இருக்கின்றன.