சிறு கோட்டுக்குப் போட்ட ஒட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெயர்ப்பலகை செய்துகொடுப்பது என் தொழில். ஃபிளக்ஸ், அக்ரிலிக் எழுத்து, எல்இடி எல்லாம் பார்க்கிறேன். பலகையில் எழுதப்படும் பெயர் இணையத்தில் கிடைக்குமா என்று பார்ப்பது என் வேலை இல்லை என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். அதை மாற்றியவர் முந்திரிக் கடை வைத்த ஒருவர். (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.)

அவர் கேட்ட இணைய முகவரி வேறு யாரிடமோ இருந்ததால், நடுவில் ஒரு கோடு போட்டு munthiri-thoppu.com என்று வாங்கிவிட்டார். "இன்ஸ்டாகிராமுக்கும் இதே பெயர்தான், போட்டுவிடுங்கள்" என்றார். போட்டேன். உள்ளிருந்து விளக்கெரியும் பலகை. மாட்டி இரண்டு நாள் கழித்து அவர் கணக்குத் தொடங்க உட்கார்ந்தபோது, இன்ஸ்டாகிராம் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. அங்கே எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டும்தான் செல்லும். இணைய முகவரியிலோ நடுக்கோடு செல்லும், அடிக்கோடு செல்லாது. கடைசியில் அடிக்கோடு வைத்து ஒரு கணக்கு எடுத்தார். பலகையில் அந்த வரியின் மேல் புது வினைல் ஒட்டினேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவில் விளக்குப் போட்டதும் ஒட்டிய இடம் மட்டும் கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. நான் வினைலுக்குக் காசு வாங்கவில்லை. அவரும் அதன்பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை.

அடுத்த ஆண்டு புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்தார். குழந்தைகளுக்கான கைத்தறி உடைக் கடை, பெயர் 'மழலைத்தறி'. இந்த முறை அச்சுக்கு முன்பே அவரை என் மேசையருகே உட்காரவைத்தேன். முதலில் கடைப் பையன்கள் மூவரிடம் பெயரை வாயால் சொல்லி, ஆங்கில எழுத்தில் தட்டச் சொன்னேன். இருவர் ழகரத்துக்கு zh போட்டார்கள், ஒருவன் l போட்டான். தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. பெரும்பான்மைப்படி mazhalaithari என்று வைத்துக்கொண்டோம்.

.com பெயரை யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று தேட, கணினியின் கட்டளைத் திரையில் ஒரே வரி போதும்:

```
whois mazhalaithari.com
```

"No match for" என்று வந்தது. யாரும் பதிவு செய்யவில்லை என்று பொருள். உலாவியில் தளம் திறக்கவில்லை என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. வாங்கிப்போட்டுவிட்டு ஒன்றும் ஏற்றாமல் விட்டவர்கள் ஏராளம்.

அதே ஏமாற்று இன்ஸ்டாகிராமிலும் காத்திருந்தது. அவர் தன் செல்பேசியில் instagram.com/mazhalaithari என்று திறந்தார். பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. "காலியாக இருக்கிறது அண்ணா!" என்று மலர்ந்தார். "கணக்குத் தொடங்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள் அம்மா" என்றேன். பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்று வந்தது. யாரோ கணக்கைத் தற்காலிகமாக மூடி வைத்திருக்கலாம், அல்லது நிறுவனமே முடக்கியிருக்கலாம். அப்படிப்பட்ட பெயர் வெளியில் தெரியாது, வேறு ஒருவருக்கும் கிடைக்காது. பதிவுப் படிவத்தில் தட்டிப் பார்ப்பது ஒன்றே நம்பத்தக்க சோதனை.

எனவே வால் ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. puducherry என்று சேர்த்தால் நீண்டுவிடும். எக்ஸ் தளத்தில் 15 எழுத்துக்கு மேல் இடமில்லை. இன்ஸ்டாகிராமில் 30 வரை உண்டு. எல்லாவற்றிலும் ஒரே பெயர் வேண்டும் என்றால் குறுகிய அளவுக்குத்தான் அடங்க வேண்டும், அதுவும் எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து. mazhalaithari என்பதே 13. pdy சேர்த்தால் 16, ஒன்று கூடுதல். "எக்ஸ் எனக்கு எதற்கு?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரின் எண் பலகையைப் பார்த்து அவரே சொன்னார்: "PY போடலாமே!" புதுச்சேரி வண்டிகளின் எழுத்து அது. சரியாக 15.

mazhalaitharipy. whois-இல் .com, .in இரண்டும் காலி. இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் மூன்றின் பதிவுப் படிவமும் ஏற்றன. பார்த்துவிட்டு நாளை வாங்கலாம் என்று எழுந்து போகவிடவில்லை. பார்த்த அந்த மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்தோம். முகநூலில் மட்டும் புதிய பக்கத்துக்குப் பயனர்பெயர் அன்று கிடைக்கவில்லை, பிறகு எடுத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அவருடைய மின்னஞ்சல்தான். என் பெயரிலோ, கணினி தெரிந்த மைத்துனர் பெயரிலோ எடுத்துவிட்டு, பின்னால் புதுப்பிக்கும் நாளில் ஆளைத் தேடுகிற கடைகளையும் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் அக்ரிலிக் வெட்டினேன். வெட்டுவதற்கு முன் மாதிரித் தாளில் இருந்த முகவரியை, அவரைப் பார்க்கவிடாமல், பையன் ஒருவன் தன் செல்பேசியில் தட்டினான். அவருடைய காலிப் பக்கம் திறந்தது. படம் ஒன்றும் ஏற்றியிருக்கவில்லை.