டிஎஸ்எச் 14-லிருந்து 3-க்கு வந்தது, டோஸ் கூட்டாமலேயே

திருமங்கலத்தில் இருக்கும் என் அம்மாவுக்குத் தைராய்டு குறைவு. 100 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை, ஒருநாள்கூட விடமாட்டார். அப்படியும் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 14 என்று வந்தது. அது ஏறக்குறைய 4, 5-க்குள் இருக்க வேண்டும், கூடினால் உடம்பில் தைராய்டு சுரப்பு போதவில்லை என்று அர்த்தம். ஆளைப் பார்த்தாலும் தெரிந்தது. எந்நேரமும் அசதி, முகம் ஊதிப்போய், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

மதுரையில் பார்த்த டாக்டர் உடனே 125-க்கு ஏற்றவில்லை, அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "மாத்திரை எப்பம்மா போடுறீங்க?" என்று கேட்டார். "எந்திரிச்சதும் வெறும் வயித்துலதான் டாக்டர்." "தண்ணியில போடுறீங்களா?" "இல்ல, காபியோட." "கூட வேற ஏதாவது போடுவீங்களா?" "கால்சியம் மாத்திரை இருக்கு, மறந்துரக் கூடாதுன்னு அதையும் சேர்த்துப் போட்ருவேன்."

விஷயம் அவ்வளவுதான். அம்மாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மெடிக்கலில் தரும் காகிதக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் இருக்கும், கால்சியம் கவரிலும் தைராய்டு கவரிலும் காலை கட்டத்தில்தான் டிக் போட்டிருந்தார்கள். இரண்டையும் தள்ளிப் போடணும் என்று யாரும் சொல்லவில்லை.

டாக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தைராக்சின் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போக வேண்டும். அங்கே கால்சியம் இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகாமல் அப்படியே வெளியேறிவிடும். இரும்புச்சத்து மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்யும், அதனால் இந்த இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபியும் உறிஞ்சுவதைக் குறைக்கிறது, சாப்பாடும் அப்படித்தான். மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு அரைமணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், வேறு எதுவும் வாயில் வைக்கக் கூடாது. அம்மா 100 போட்டாலும் உள்ளே போனது அதில் ஒரு பங்குதான்.

அப்ப எல்லாவற்றையும் வெறும் வயிற்றில் போட்டால் நல்லதா என்றால், அதுவும் கிடையாது. அம்மாவுக்குக் கொடுத்தது கால்சியம் கார்பனேட். அது கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பிடும்போது அமிலம் நன்றாகச் சுரக்கும், அதனால் சாப்பாட்டோடு போட்டால்தான் பலன். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடச் சொல்வது வேறு காரணத்துக்காக, வெறும் வயிற்றில் அது குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும். அம்மா போடும் கேஸ் மாத்திரை, பான்டோபிரசோல், இதற்கு நேர் எதிர். வயிற்றில் அமிலம் சுரக்கிற இடங்கள் சாப்பிடும்போதுதான் முழுதாக வேலை செய்யத் தொடங்கும், அந்த நேரத்துக்கு மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும், அதனால் டிபனுக்கு அரைமணி நேரம் முன்னாடி. சாப்பிட்டு நெஞ்சு எரிந்த பிறகு தேடிப்போட்டால் அவ்வளவாகக் கேட்காது.

சரி, வீட்டில் எப்படி மாற்றினோம்? 5.30-க்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். காபி 6.30-க்கு. அம்மாவுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் பெரிய கஷ்டம், முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து குடிக்கப் பழகிவிட்டார். டிபன் 8.30-க்கு என்பதால் கேஸ் மாத்திரை 8 மணிக்கு, மெட்ஃபார்மின் இட்லியோடு, கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. கவர்களில் இருந்த டிக்கை எல்லாம் அடித்துவிட்டு மார்க்கரில் மணியைப் பெரிதாக எழுதி வைத்தேன். காலையில் இப்படி முடியாதவர்கள், இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம், அதுவும் ஒரு வழிதான்.

நேரத்தை மாற்றிய மறுவாரமே டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் தெரியாது. தைராக்சின் உடம்பில் மெதுவாகக் கழிகிற மருந்து, ரத்தத்தில் உள்ளது பாதியாகவே ஒரு வாரம் ஆகும், அதனால் 6 வாரம் கழித்துத்தான் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். அதே 100 மைக்ரோகிராமில் டிஎஸ்எச் 3.1.

ஏற்கெனவே டோஸைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே நேரத்தை மாற்ற வேண்டாம். இத்தனை நாள் வீணாகப் போனது இனி முழுசாக உள்ளே போகும், அப்போது அந்த டோஸே அதிகமாகிவிடலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை, காரணமில்லாமல் எடை குறைவது இதெல்லாம் அதன் அறிகுறி, வயதானவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். எதோடு சேர்த்து எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி, மாற்றிய பிறகு டெஸ்ட் எப்போது என்றும் அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.