128 பந்துகள்

உள்ளூர் லீக் ஆட்டங்களின் ஸ்கோர் தாளை யாராவது மொபைலில் படமெடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஆட்டக்காரர், ரன், பந்து, எப்படி அவுட் என்று நான்கு பத்திகளில் அடிப்பதுதான் என் வேலை. தட்டச்சு தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன், 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் இந்திய இன்னிங்ஸைக் கையில் கொடுத்துக் கூட்டச் சொன்னார். சேவாக் 0, சச்சின் 18, கம்பீர் 97, கோலி 35, தோனி 91, யுவராஜ் 21. மொத்தம் 262. உதிரி 15 சேர்த்தால் 277, சரி. அப்புறம் பந்துகளைக் கூட்டச் சொன்னார். 2, 14, 122, 49, 79, 24. மொத்தம் 290. ஆட்டம் முடிந்தது 48.2 ஓவரில். 48 ஆறு 288, மேலே 2, அதுவும் 290. எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. "எட்டு வைடு போட்டாங்களே, அது எங்க போச்சு?" என்று கேட்டார். வைடு ஆட்டக்காரர் சந்தித்த பந்தாகக் கணக்கில் வராது, அதனால் எங்கும் போகவில்லை. நோபால் மட்டும் வரும். அந்த இன்னிங்ஸில் நோபால் இல்லை. ஆக, எல்லாருடைய பந்துகளையும் கூட்டினால் ஓவர் பந்துகளோடு நோபாலும் சேர்ந்த எண் வர வேண்டும். அன்றிலிருந்து இந்தக் கூட்டலைப் போடாமல் எந்தத் தாளையும் நான் மூடியதில்லை.

போட்டும் ஏமாந்த கதை இது.

இருபது ஓவர் ஆட்டம், ஏழு விக்கெட்டுக்கு 143. உதிரி 12: வைடு 6, நோபால் 2, பை 1, லெக்பை 3. ஆட்டக்காரர்களின் ரன் 131 வர வேண்டும், வந்தது. பந்து 120 உடன் 2 சேர்த்து 122 வர வேண்டும். எனக்கு வந்ததோ 128. ஆறு அதிகம். வைடும் ஆறு! ஸ்கோரர் வைடையும் பந்தாக எண்ணிவிட்டார் என்று உடனே முடிவுகட்டினேன். புதிதாக எழுத வருகிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவருக்குச் செய்தி அனுப்பக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அனுப்பும் முன் ஒரு சந்தேகம். வைடுகளை எண்ணியிருந்தால் அந்த ஆறும் நாலைந்து பேர் கணக்கில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அடித்தது, அடிக்காமல் விட்டது எல்லாம் 4, 1, புள்ளி என்று வரிசையாக இருக்குமே, அதையே எண்ணிப் பார்க்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். முதல் இருவரும் சரி. மூன்றாமவருக்கு நான் அடித்திருந்தது 27 பந்து. குறிகளை எண்ணினால் 21தான் தேறியது. இரண்டு முறை எண்ணினேன். ஸ்கோரர் ஒன்றுக்குத் தலையில் சின்னதாக ஒரு மூக்கு வைத்து எழுதுகிறவர். நிழல் விழுந்த இடத்தில் அந்த மூக்கு நீண்டு ஏழாகத் தெரிந்திருக்கிறது. அதே தாளில் மேலே இருந்த தேதியின் ஒன்றையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சந்தேகமே இல்லை. தப்பு என்னுடையது. ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் ஆறு, வைடும் ஆறு, அவ்வளவுதான் நடந்தது. செய்தியை அழித்தேன்.

122 வந்துவிட்டது, ரன் சரி, விக்கெட் ஏழு. நிம்மதியாக மூடப் போனேன். ஆனால் நோட்டுப் புத்தகத்தின் தையல் ஓரம் மேடாக எழும்பி, படத்தில் நடு வரிகள் வளைந்திருந்தன. அதனால் விக்கெட் விழுந்த வரிசையை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஆறாவது விக்கெட்டாகப் போனவர் ஏழாம் எண் ஆட்டக்காரர் என்று அங்கே இருந்தது. என் அட்டவணையிலோ ஏழாமவர் நாட் அவுட், ஆறாமவர் ரன் அவுட். வளைவில் கண் ஒரு வரி இறங்கி, இரண்டு பேரின் விவரத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

இதை எந்தக் கூட்டலும் பிடிக்காது. ரன்னும் பந்தும் அவரவர் வரியில் சரியாகவே இருந்தன, அவுட் ஆனவர்கள் எண்ணிக்கையும் ஏழுதான். ரன் அவுட் என்பதால் பந்துவீச்சாளர் கணக்கோடு ஒப்பிட்டாலும் ஒட்டிப்போகும். ஆனால் சராசரியில் ஒருவருக்கு ஒரு அவுட் கூடும், இன்னொருவருக்குக் குறையும். அந்தப் பையன்கள் தங்கள் சராசரியைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்.

இப்போதெல்லாம் வளைந்த படம் வந்தால், திரையில் ஒரு அட்டையை வரிக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடிக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்த ஸ்கோரரிடம் மட்டும், நோட்டை நன்றாக விரித்துவைத்துப் படமெடுங்கள் சார் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றின் மூக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை.