ஈவில் தொலையும் பூஜ்யம்: ஆறாம் வகுப்புக்கு நீள் வகுத்தல் நடத்திய விதம்

குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நீள் வகுத்தலுக்குப் பாடத்திட்டம் எழுதும்போது 7392 ÷ 24 என்ற ஒரே கணக்கைச் சுற்றியே எல்லாவற்றையும் வைத்தேன், ஏனென்றால் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்புகள் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும்.

முதலில் எதுவும் சொல்லாமல் போட விட்டேன். நிறைய பேருக்கு 38 வந்தது. 73-ல் 3 தடவை, மீதி 1, 9-ஐ இறக்கினால் 19, "போகாது டீச்சர்" என்று உடனே 2-ஐயும் இறக்கி 192 ஆக்கி 8 போட்டுவிடுகிறார்கள். 'போகலைன்னா அடுத்ததை இறக்கு' என்று மனப்பாடம் செய்திருப்பதால் நடுவில் பூஜ்யம் விழவேண்டும் என்பதே தோன்றுவதில்லை.

அதனால் விதியைச் சொல்லாமல் காகித நோட்டுகளைக் கொடுத்தேன். தறிக்கூலி 7392 ரூபாயை 24 பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும், இதுதான் கணக்கு. 73 நூறு ரூபாய் நோட்டில் ஆளுக்கு 3 போக ஒன்று மிஞ்சும், அதைப் பத்து ரூபாயாக மாற்றி இருக்கும் 9-ஓடு சேர்த்தால் 19 பத்து ரூபாய் நோட்டு. 24 பேருக்கு அது ஆளுக்கு ஒன்றுகூட வராது, ஆகவே பத்தாம் இடத்தில் 0. பிறகு எல்லாவற்றையும் சில்லறையாக்கினால் 192 ரூபாய், ஆளுக்கு 8. மொத்தம் 308.

அப்புறம்தான் கட்டம் போட்ட நோட்டுக்கு வந்தோம். 7-ல் 24 போகாது, 73-ல் போகும், அதனால் ஈவின் முதல் இலக்கம் 3-க்கு நேர் மேலே. அங்கிருந்து கடைசி வரை மூன்று கட்டம், வகுக்கத் தொடங்கும் முன்பே வரைந்துவிட வேண்டும். ஒவ்வொரு இலக்கத்தை இறக்கும்போதும் ஒரு கட்டம் நிரம்பியாக வேண்டும். 38 எழுதியவனுக்கு ஒரு கட்டம் காலியாக நிற்பது தானாகவே தெரிந்துவிடுகிறது.

இதே கட்டம் இன்னொரு தப்பையும் பிடித்தது. 192-ல் 7 தடவை என்று எடுத்து 168 கழித்தால் மீதி 24, அதில் இன்னொரு தடவை போகிறதே என்று பக்கத்தில் 1 எழுதி 3071 ஆக்கிவிடுகிறார்கள். நான்காவது இலக்கத்துக்குக் கட்டமே இல்லை. மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சின்னதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அந்த 7-ஐ அழித்து 8 ஆக்கு என்று அங்கேயே சொன்னால் நன்றாகப் பதிகிறது. 24-ஆம் வாய்ப்பாட்டை 24, 48, 72 என்று ஓரத்தில் 216 வரை எழுத வைத்தால் இந்த ஊகத் தப்பு நன்றாகவே குறையும்.

கழித்தலில் வரும் பிழையைக் கட்டம் காட்டாது. அதற்கு ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

வீட்டுக் கணக்காக 7210 ÷ 24 கொடுத்தேன். ஈவு 300, மீதி 10. பூஜ்யம் கடைசியில் வரும்போது சிலர் இன்னும் 3 என்று நிறுத்திவிடுகிறார்கள், அவர்களுக்கு மட்டும் மறுபடியும் காகித ரூபாய் நோட்டுகளை எடுக்கப்போகிறேன்.