விளையாடப் போகும் பிள்ளையின் தட்டு: மார்ச் குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

பத்து வயதுப் பெடியன். தினமும் பின்னேரம் நாலு மணிக்கு ஒன்றரை மணித்தியாலம் உதைபந்தாட்டம். இறங்குவது வெள்ளைப் புட்டு, முட்டைப்பொரியல், சோறும் பருப்பும். மீனென்றால் முள்ளுப் பயம். மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஒரு கப் பால் தேத்தண்ணி.

சாப்பாட்டில் கைவைக்க முதல் அந்தத் தேத்தண்ணியை நிறுத்தியாச்சு. தேயிலைச் சாயம் பருப்பிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துவிடும். பாலின் கல்சியமும் உறிஞ்சலைக் குறைக்கும். பாலைக் காலைக்கும் படுக்கப்போகும் நேரத்துக்கும் தள்ளினோம். இறக்கிய பருப்பில் அரைத் தேசிக்காய், அல்லது சோற்றோடு ஒரு துண்டு கொய்யாப்பழம். இவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும்.

மார்ச் 5, புதன்

இராச்சாப்பாட்டுச் சண்டையின் வேர் ஆறு மணியில் இருக்கிறது. மைதானத்தால் பசியோடு வந்தவுடன் பிஸ்கற்றும் இனிப்புக் குளிர்பானமும். ஏழரைக்குத் தட்டைத் தள்ளாமல் என்ன செய்வான்? ஆறு மணிக்கே புட்டும் முட்டையும் வைத்தோம். எட்டரைக்குப் பால் மட்டும். விளையாடப் போகமுதல், மூன்று மணிபோல, இரண்டு கதலிப்பழம் போதும். அந்நேரம் பால் குடித்தால் ஓடும்போது வயிறு கனக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த வயதுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். இரண்டு தம்ளர் பாலில் கிடைப்பது 500க்குக் கிட்ட. மிச்சத்தில் கொஞ்சம் குரக்கன் தரும். அரிசிமாவும் குரக்கன் மாவும் சரிபாதி போட்டது பிழை: புட்டு கறுத்து, வாயில் மண்போல நின்றது. மூன்று பங்கு அரிசிமாவுக்கு ஒரு பங்கு குரக்கன், தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்தால் உதிரியாக வரும். ஒளித்துப் போடக்கூடாது. கண்டுபிடித்தால் வெள்ளைப் புட்டையும் நம்பமாட்டான்.

மார்ச் 15, சனி

நெத்தலி. தலையைக் கிள்ளி, மஞ்சள், உப்பு, ஒரு தேக்கரண்டி அரிசிமா பிரட்டி, சின்ன நெருப்பில் நடுமுள்ளு நொறுங்குமட்டும் பொரிக்கவேணும். கல்சியம் அந்த முள்ளில்தான். அவசரப்பட்டு இறக்கினால் முள்ளு தொண்டையில் குத்தும். பிறகு ஆறு மாதத்துக்கு மீன் பக்கமே வரமாட்டான்.

தட்டில் இரண்டே இரண்டு, பக்கத்தில் வழக்கமான முட்டை. என்ன, எப்போது என்பது தாயின் பாடு. எவ்வளவு என்பது பிள்ளையின் பாடு. "ஒண்டே ஒண்டு சாப்பிடு ராசா" என்று அம்மம்மா கெஞ்சியதும் தட்டு நகர்ந்தது. அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாலைக் கடித்துப் பார்த்தான். பத்துப் பதினைந்து தரம் வைக்கவேண்டி வரலாம்.

மார்ச் 24, திங்கள்

கிழமைக்கொருக்கால் கோழி ஈரல், இரண்டு மேசைக்கரண்டி, மிளகு போட்டுப் பிரட்டல். இரும்பு நிறைய உண்டு; வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அதற்குமேல் வேண்டாம். முன்பு ஓடிய தூரத்துக்கே மூச்சு வாங்கினாலோ, கீழிமை உட்புறம் வெளிறினாலோ, பச்சை அரிசி மென்றாலோ இரும்புக் குறைவாக இருக்கலாம்; இரத்தத்தில் ஈமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கவேணும். வீட்டிலுள்ள பெரியவர்களின் இரும்புக் குளிசையைக் கொடுக்கவே கூடாது. அளவு மீறினால் நஞ்சு.

இன்று நெத்தலி நாலு. முட்டை மிச்சம்.