கண்டென்சர் மைக்க கன்சோல் கன்ட்ரோலர்ல பேச வச்ச கதை

எக்ஸ்எல்ஆர் கண்டென்சர் மைக்கும் ரெண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸும் என்கிட்ட முன்னாடியே இருந்துச்சு, பாட்டு ரெக்கார்ட் பண்ண வாங்கினது. பார்ட்டி சாட்ல பசங்க "குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குடா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்ததால சரி, இதையே பிஎஸ் 5ல மாட்டிடலாம்னு உக்காந்தேன். யூஎஸ்பிய சொருகினா முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன், மூணு நாள் ஆயிடுச்சு. அதே வழியில போறவங்களுக்காக இத எழுதுறேன்.

முதல்ல யூஎஸ்பி. கன்சோல்ல சொருகினதும் இன்டர்ஃபேஸ்ல பவர் லைட் வந்துச்சு, 48 வோல்ட் பட்டன அமுக்கினா அந்த லைட்டும் வந்துச்சு, மைக்ல பேசினா பச்சை லைட்டு துடிக்குது. ஆனா Settings > Sound > Microphone போய்ப் பாத்தா Input Device லிஸ்ட்ல அது இல்லவே இல்ல. அதாவது கரண்ட் மட்டும் எடுத்துக்குது, டேட்டா எதுவும் போகல. காரணம் என்னன்னா யூஎஸ்பி ஆடியோவுக்கு கிளாஸ் 1, கிளாஸ் 2ன்னு ரெண்டு மொழி இருக்கு, கன்சோலுக்குப் பழகினது கிளாஸ் 1, என் இன்டர்ஃபேஸ் பேசுறது கிளாஸ் 2. பெட்டி மேல "டிரைவர் தேவையில்லை"ன்னு போட்டிருந்துச்சு, போன்லயும் நல்லா வேலை செஞ்சுது, அதனால இங்கயும் வரும்னு நம்பிட்டேன். அந்த வரிய வச்சு முடிவு பண்ணிடாதீங்க, டிரைவர் இல்லாம ஓடுறதுலயே கிளாஸ் 2 நெறைய இருக்கு. எக்ஸ்பாக்ஸ்ல இந்த வழி இன்னும் கஷ்டம், சாதாரண யூஎஸ்பி மைக்கையே அது எடுத்துக்காது.

மிச்சம் இருந்தது கன்ட்ரோலர்ல இருக்கிற 3.5 எம்எம் ஓட்டை. ஹெட்செட்டுக்கான ஒய் ஸ்பிளிட்டர் ஒண்ணு போட்டு, ஹெட்போன் பக்கம் என் ஹெட்போன், மைக் பக்கம் இன்டர்ஃபேஸோட ஹெட்போன் அவுட்ல இருந்து ஒரு வயர். கம்ப்யூட்டர் இல்லாம மைக் சத்தம் அந்த அவுட்டுக்கு வரணும்னா டைரக்ட் மானிட்டர் ஆன்ல இருக்கணும், அதையும் போட்டேன். மானிட்டர்ல மோனோ, ஸ்டீரியோன்னு இருந்தா மோனோல வைங்க, ஸ்டீரியோல வச்சா இன்புட் 1 இடது பக்கம் மட்டும், இன்புட் 2 வலது பக்கம் மட்டும் போகும், மைக் ஓட்டைக்கு ஒரு பக்கம்தான் தெரியும். பின்னாடி இருக்கிற பேலன்ஸ்டு லைன் அவுட்டுகள நான் தொடல, அத சாதா ஸ்டீரியோ வயர்ல கொண்டுவந்து ஒண்ணா சேத்தா ஹாட், கோல்ட்னு எதிரெதிரா வர்ற ரெண்டு சிக்னலும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு குரலே காணாமப் போயிடும்.

பார்ட்டில பேசினேன், "கேக்குதுடா, ஆனா பழைய மாதிரிதான் இருக்கு"ன்னான் ஒருத்தன். மைக் வாய்க்குப் பக்கத்துல இருக்கு, லைட்டு எரியுது, அப்புறம் எப்படி பழைய மாதிரி? ஏதோ தோணி கன்ட்ரோலர் மேல நகத்தால ரெண்டு தட்டு தட்டினேன், "டொக் டொக்னு காதுல விழுது மச்சான்"னான். கண்டென்சர் மைக்கத் தட்டினா ஒண்ணும் வரல. அவ்வளவு நேரம் கன்ட்ரோலருக்குள்ள இருக்கிற குட்டி மைக்லதான் பேசிட்டு இருந்திருக்கேன். இந்த தட்டிப் பாக்குற டெஸ்ட்ட தயவுசெஞ்சு முதல்லயே பண்ணிடுங்க, குரல் போகுதுன்னு எவனாவது சொன்னதும் நம்பாதீங்க, எந்த மைக்ல இருந்து போகுதுன்னு பாருங்க.

ஏன் அப்படின்னு புரிஞ்சுக்கத்தான் ஒரு நாள் ஆச்சு. ஹெட்செட் மைக்குகள் சின்ன எலக்ட்ரெட் கேப்சூல், அதுக்கு கன்ட்ரோலரே அந்த வயர் வழியா ரெண்டு வோல்ட்டு மாதிரி கொஞ்சம் டிசி அனுப்புது, எதிர்ல ஆயிரம் ரெண்டாயிரம் ஓம் மாதிரி ஏதாவது தெரிஞ்சா "மைக் இருக்கு"ன்னு எடுத்துக்கும். இன்டர்ஃபேஸோட ஹெட்போன் அவுட் அதுக்குக் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி தெரியுது, உடனே வெறும் ஹெட்போன்தான் மாட்டியிருக்குன்னு முடிவு பண்ணி உள்ள இருக்கிற மைக்குக்குத் திரும்பிடுது. இது போக லெவல் பிரச்சன வேற, ஹெட்போன் அவுட்ல வர்றது வோல்ட் கணக்கு, மைக் ஓட்டை எதிர்பாக்குறது மில்லிவோல்ட் கணக்கு, அப்படியே விட்டா குரல் கிழிஞ்சுதான் கேக்கும். கண்டென்சருக்குப் போற 48 வோல்ட்டுக்கும் இந்த ரெண்டு வோல்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல, அது எக்ஸ்எல்ஆர் வயரோட நின்னுடும்.

சால்டரிங் தெரிஞ்ச நண்பன் ஒருத்தன் வந்து சின்ன டப்பா ஒண்ணு பண்ணிக் குடுத்தான். இன்டர்ஃபேஸ்ல இருந்து வர்ற சிக்னல் லைன்ல 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதுக்கு அடுத்து சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 100 ஓம், இதுல சிக்னல் ஏறக்குறைய நூறுல ஒரு பங்கா, அதாவது 40 டெசிபல் குறையுது. அதுக்கப்புறம் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் லைன்ல, பிளஸ் கால் கன்ட்ரோலர் பக்கம், இது அந்த டிசிய இன்டர்ஃபேஸுக்குள்ள போக விடாது. கடைசியா கன்ட்ரோலர் பக்கம் மைக் லைனுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்க 2.2 கிலோ ஓம், இதப் பாத்துத்தான் கன்ட்ரோலர் மைக் இருக்குன்னு ஏமாறுது. "இந்த ஒண்ணு இல்லன்னா மத்ததெல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்லடா"ன்னு சொல்லிக்கிட்டே அவன் அத வச்சான். சால்டர் பண்ண ஆள் இல்லன்னா லைன்ல இருந்து போன் மைக்குக்கு மாத்துற அட்டெனுவேட்டர் கேபிள்னு ரெடிமேடாவே வருது, நாலு வளையம் இருக்கிற பின்னோட வர்றதும் இருக்கு, அதுக்கு ஸ்பிளிட்டர் மைக் ஓட்டை பொருந்துமான்னு மட்டும் பாத்துக்கோங்க.

மாட்டின உடனே Input Device கன்ட்ரோலர் ஹெட்செட்டுக்கு மாறுச்சு, கன்ட்ரோலரத் தட்டினா சத்தம் இல்ல, கண்டென்சரத் தட்டினா பளிச்சுனு வந்துச்சு. எனக்கு அப்போ வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. ஆனா பின்னாடி ஊஊஊன்னு ஒரே ஹம். கன்ட்ரோலர் சார்ஜிங் வயர் கன்சோல்ல, இன்டர்ஃபேஸுக்குப் பவரும் கன்சோல்லயே, இப்போ ஆடியோ வயரும் சேந்து கிரவுண்ட் ஒரு சுத்து சுத்தி வருது. சார்ஜிங் வயரப் புடுங்கின அந்த நொடி ஹம் செத்துப்போச்சு. இப்போ இன்டர்ஃபேஸுக்கு பவர் பேங்க்தான், கன்ட்ரோலர் வயர்லெஸ், துளி சத்தம் இல்ல. போன் சார்ஜர் ஒண்ணுலயும் ஓடுச்சு, ஆனா மெல்லிசா கீச்சுனு ஒரு சத்தம் வந்ததால அத விட்டுட்டேன்.

லெவலுக்கு நான் செஞ்சது: கேம்ல கத்துற மாதிரியே கத்தி, சிவப்பு லைட் வராத அளவுக்கு கெயின். அப்புறம் ஹெட்போன் நாப்ப பாதில வச்சு, Adjust Microphone Level பக்கத்துல ஓடுற பாரப் பாத்துக்கிட்டே சாதாரணமா பேசி அந்த நாப்ப நகர்த்தினேன். கெயின இதுக்குமேல ஏத்தாதீங்க, கண்டென்சர் பட்டன் சத்தத்தையும் ஃபேனையும் சேத்து இழுக்கும், மைக்க ஒரு சாண் தூரத்துல வாய்க்குப் பக்கவாட்டுல வச்சா கெயின் குறைவாவே போதும். கேம் சத்தம் இன்டர்ஃபேஸுக்குள்ள போகவே கூடாது, போச்சுன்னா பசங்களுக்கு அவங்க குரலே திரும்பக் கேக்கும், அதனாலதான் என் ஹெட்போன் கன்ட்ரோலர் ஸ்பிளிட்டர்லயே இருக்கு.

பார்ட்டி சாட்ல குரல கன்சோல் அமுக்கித்தான் அனுப்புது, ரெக்கார்டிங்ல கேக்குற அந்த முழு தெளிவு அங்க வராது, ஆனா குடம் போயிடுச்சு. ஸ்ட்ரீம்ல இன்னும் வித்தியாசம் தெரியுது, ஆனா பிராட்காஸ்ட் செட்டிங்ல உங்க மைக் சத்தத்தச் சேக்குற ஆப்ஷன் தனியா இருக்கு, அது ஆஃப்ல இருந்ததால என் முதல் ஸ்ட்ரீம் இருபது நிமிஷம் வெறும் கேம் சத்தமாவே ஓடுச்சு. இப்போ லைவ் போறதுக்கு முன்னாடி அத ஒருதடவ பாத்துட்டு, கன்ட்ரோலர்ல ஆரஞ்சு மியூட் லைட்டும் பாத்துட்டு, மைக்க ஒரு தட்டு தட்டிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.